அடுத்தவன் கப்பலுக்குப் போட்ட இன்ஷூரன்ஸ்

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கப்பல் இன்ஷூரன்ஸ் காபிக் கடைகளில் நடந்த வியாபாரம். சரக்கேற்றிக் கடல் கடந்து போகும் கப்பல் திரும்பி வருமா என்ற கவலை அதன் சொந்தக்காரருக்கு இருக்கும். அவர் ஒரு தொகை கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். அதே கடையில் இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கப்பலும் கிடையாது, சரக்கும் கிடையாது. ஆனாலும் அதே கப்பலின் பெயரில் அவரும் பாலிசி எடுக்கலாம். கப்பல் மூழ்கினால் அவருக்கும் பணம் வரும்.

இதனால் என்ன ஆயிற்று என்பதை 1745-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரையே சொல்கிறது: சரக்கோடு பல கப்பல்கள் மோசடியாக மூழ்கடிக்கப்பட்டன. கப்பலிலோ சரக்கிலோ பங்கில்லாதவர் எடுக்கும் பாலிசி செல்லாது என்று நாடாளுமன்றம் விதித்தது. அடுத்த சூதாட்டம் மனித உயிரின் மேல் நடந்துகொண்டிருந்தது. படுக்கையில் கிடக்கும் பிரமுகர் பிழைப்பாரா மாட்டாரா என்று முன்பின் தெரியாதவர்கள் அவர் பெயரில் பாலிசி எடுத்தார்கள். 1774-இல் அதற்கும் தடை வந்தது. ஒரு பொருளோ ஆளோ போனால் உனக்கு நஷ்டம் உண்டா? உண்டென்றால் இன்ஷூரன்ஸ் எடு; இல்லையென்றால் விலகிப் போ. இன்றைக்கும் உலகம் முழுவதும் இன்ஷூரன்ஸ் சட்டங்கள் நிற்கும் அடித்தளம் இந்தக் கேள்விதான்.

இருநூற்றைம்பது ஆண்டுகள் காப்பாற்றிய இந்த விதியை ஒரே ஒரு சந்தைக்கு மட்டும் தளர்த்தினார்கள். அந்தச் சந்தையில் புழங்கிய சரக்கின் பெயர் கிரெடிட் டீஃபால்ட் ஸ்வாப், சுருக்கமாக சி.டி.எஸ்.

பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது. ஒரு கம்பெனி ஐந்து வருடத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கடன் பத்திரம் வெளியிடுகிறது. நீங்கள் ஒரு கோடி டாலருக்கு அதை வாங்கி வைத்திருக்கிறீர்கள். வட்டி ஒழுங்காக வருகிறது. ஆனால் கம்பெனி திவாலாகிவிட்டால் அசலுக்கு என்ன கதி என்று உள்ளுக்குள் ஒரு பயம். இன்னொரு நிறுவனம் வந்து, "வருடத்துக்கு இரண்டு சதவீதம் கொடுங்கள், கம்பெனி கவிழ்ந்தால் உங்கள் அசலுக்கு நான் பொறுப்பு" என்கிறது. ஒரு கோடிக்கு இரண்டு சதவீதம் என்றால் இரண்டு லட்சம் டாலர். அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐம்பதாயிரமாகப் பிரித்துக் கட்டுகிறீர்கள். ஐந்து வருடம் ஒன்றும் நடக்கவில்லையென்றால் கட்டிய பத்து லட்சம் அவர்களுக்கு. நடுவில் கம்பெனி திவாலாகி, பத்திரத்தின் சந்தை விலை நூற்றுக்கு நாற்பதாக விழுந்தால், மிச்ச அறுபதை, அதாவது அறுபது லட்சம் டாலரை, விற்றவர் உங்களுக்குத் தர வேண்டும்.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர்கள் ஜே.பி. மார்கன் வங்கிக்காரர்கள். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் நிறுவனத்தின் எண்ணெய்க் கப்பல் தரைதட்டிக் கடலைப் பாழாக்கியது. அந்த வழக்கில் 1994-இல் எக்ஸானுக்கு 500 கோடி டாலர் தண்டத்தொகை விதிக்கப்பட, அது தன் பழைய வங்கியிடம் 480 கோடி டாலருக்குக் கடன் வசதி கேட்டது. நல்ல வாடிக்கையாளரை இழக்கவும் மனமில்லை. அவ்வளவு பெரிய கடனுக்காகச் சட்டப்படி ஒதுக்க வேண்டிய மூலதனத்தை முடக்கிப் போடவும் மனமில்லை. ஆகவே கடனை வங்கி கொடுத்தது. அது திரும்பாமல் போகும் அபாயத்தை மட்டும் கழற்றி, ஐரோப்பியப் புனரமைப்பு வளர்ச்சி வங்கியிடம் ஒரு கட்டணத்துக்குத் தள்ளியது. கடன் ஓரிடம், அதன் அபாயம் வேறிடம். இதுவரை யாரும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜே.பி. மார்கனிடம் நிஜமாகவே ஒரு கடன் இருந்தது, இழப்பதற்கு நிஜமாகவே பணம் இருந்தது.

அபாயத்தைக் கடனிலிருந்து கழற்றியாகிவிட்டது என்றால், கடனே இல்லாதவர் அந்த அபாயத்தை மட்டும் வாங்கினால் என்ன? இந்தக் கேள்வி வர அதிக நாள் ஆகவில்லை. சி.டி.எஸ். ஒப்பந்தத்தில் பத்திரம் வெறும் பெயராகத்தான் வருகிறது. "இன்ன கம்பெனியின் இன்ன பத்திரம் தவறினால்" என்று ஒரு சுட்டல், அவ்வளவுதான். காப்பு வாங்குபவர் அந்தப் பத்திரத்தை வைத்திருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. பத்திரம் கையில் இல்லாமல் வாங்குவதைச் சந்தையில் 'நேக்கட்' என்பார்கள். நாம் வெறுங்கை சி.டி.எஸ். என்று வைத்துக்கொள்வோம்.

இது இன்ஷூரன்ஸ்தானே, இன்ஷூரன்ஸ் சட்டம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். இங்கேதான் வக்கீல்களின் சாமர்த்தியம். 2000-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநில இன்ஷூரன்ஸ் துறையிடம் ஒரு கேள்வி அனுப்பினார்கள். வாங்கியவருக்கு நஷ்டம் ஏற்பட்டாலும் ஏற்படாவிட்டாலும் பணம் தருகிற ஒப்பந்தம் இன்ஷூரன்ஸ் ஆகுமா? ஆகாது என்று துறை பதில் சொன்னது. சரியான பதில்தான். நஷ்டமே இல்லாதவருக்குப் பணம் தருவது எப்படி இன்ஷூரன்ஸ் ஆகும்? ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு சந்தை முழுவதும் இன்ஷூரன்ஸ் சட்டத்துக்கு வெளியே நடந்தது. இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் பின்னே அது பந்தயமா? சூதாட்டச் சட்டம் பாயுமே என்றால், அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களை மாநிலங்களின் சூதாட்டச் சட்டங்களிலிருந்தும் விலக்கிவிட்டது. ஆக, இன்ஷூரன்ஸும் அல்ல, சூதாட்டமும் அல்ல.

நடைமுறையில் இதற்கு ஒரு பெரிய பொருள் உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு பாலிசி விற்றால், நாளை நஷ்டஈடு கொடுப்பதற்காக இன்றே ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். அதை அதிகாரி வந்து சரிபார்ப்பார். சி.டி.எஸ். விற்றவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விற்கிறவர் இருப்பு வைக்க வேண்டாம், வாங்குகிறவரிடம் பத்திரம் இருக்க வேண்டாம். இரண்டு பக்கத்துக் கடிவாளமும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன. 2007 இறுதியில் உலகில் நிலுவையிலிருந்த சி.டி.எஸ். ஒப்பந்தங்களின் முகமதிப்பு ஏறக்குறைய 60 லட்சம் கோடி டாலர். இதில் ஒரே அபாயம் கைமாறிக் கைமாறித் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பத்திரத்தைவிடப் பந்தயம் பெருத்தால் என்ன நடக்கும் என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது டெல்ஃபை என்ற அமெரிக்க கார் உதிரிபாகக் கம்பெனி. அது 2005 அக்டோபரில் திவால் மனு போட்டபோது அதன் கடன் பத்திரங்கள் சுமார் 200 கோடி டாலருக்கு வெளியில் இருந்தன. அவற்றைச் சுட்டிய சி.டி.எஸ். அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் என்பது அன்றைய மதிப்பீடு. அப்போதெல்லாம் பணம் வாங்க ஒரு வழிமுறை உண்டு: கெட்டுப்போன பத்திரத்தை விற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வெறுங்கையோடு வந்தவர்கள் இப்போது பத்திரத்தைத் தேடி ஓடினார்கள். விளைவு, திவாலான கம்பெனியின் பத்திரத்துக்குச் சந்தையில் கிராக்கி வந்து விலை ஏறியது! கடனை அடைக்க வழியில்லாத கம்பெனியின் காகிதம் விலை ஏறுவதைப் பார்த்தபோதே யாராவது நின்று யோசித்திருக்கலாம். யோசித்தார்கள், ஆனால் யோசித்து எடுத்த முடிவு, பத்திரத்தை ஒப்படைக்கும் முறையை விட்டுவிட்டு, ஏலம் போட்டு ஒரு பொதுவிலையை நிர்ணயித்துப் பணமாகவே தீர்த்துக்கொள்ளலாம் என்பது. அதாவது, பந்தயம் பெரிதாக இருப்பதைக் குறைப்பதற்குப் பதிலாக, பந்தயத்துக்குப் பத்திரமே தேவைப்படாதபடி செய்துவிட்டார்கள்.

அதற்குள் அமெரிக்காவில் வீட்டுக்கடன் கூத்து உச்சத்தில் இருந்தது. வருமானத்தைச் சரியாக விசாரிக்காமல் கொடுத்த வீட்டுக்கடன்களை ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டி, அந்த மூட்டையின் பேரில் பத்திரங்கள் விற்கப்பட்டன. அவற்றில் வட்டி அதிகம் தருகிற, ஆனால் நஷ்டம் வந்தால் முன்னால் அடிவாங்குகிற அடுக்குகளை மறுபடி சேர்த்து இன்னொரு மூட்டை கட்டினார்கள். அதற்கு சி.டி.ஓ. என்று பெயர். வாங்குவதற்கு ஆள் இருந்துகொண்டே இருந்தது. மூட்டை கட்டக் கடன்தான் போதவில்லை. கடன் இல்லாமலேயே மூட்டை கட்டும் வித்தையை வெறுங்கை சி.டி.எஸ். தந்தது. ஒரு உதாரணத்தை முழுதாகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் இது நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகியிருக்கிற கதை.

2007 தொடக்கத்தில் ஜான் பால்சன் என்பவரின் நியூயார்க் முதலீட்டு நிதி, வீட்டுக்கடன் சந்தை சரியப்போகிறது என்று கணித்தது. கணிப்பது தப்பில்லை. அவர் கணிப்பு சரியாகவும் இருந்தது. ஆனால் சரிவிலிருந்து லாபம் பார்க்க வேண்டுமானால், தவறிப்போகக்கூடிய பத்திரங்களுக்கு யாரிடமாவது காப்பு வாங்க வேண்டும். அதை விற்க எதிர்ப்பக்கம் ஆள் வேண்டும். கோல்ட்மன் சாக்ஸ் வங்கி அந்த எதிர்ப்பக்கத்தைத் தயார் செய்தது. அபாகஸ் 2007-ஏசி1 என்று ஒரு ஏற்பாடு. தொண்ணூறு வீட்டுக்கடன் பத்திரங்களின் பட்டியல் ஒன்று தயாரிக்கப்பட்டது. கவனியுங்கள், பட்டியல்தான், அந்தப் பத்திரங்களை யாரும் வாங்கவில்லை. பட்டியலைத் தேர்ந்தெடுத்தது ஏசிஏ என்ற சுதந்திரமான நிறுவனம் என்று முதலீட்டாளர்களிடம் சொல்லப்பட்டது. எவை கெட்டுப்போகும் என்று பந்தயம் கட்டிய பால்சனின் நிதியும் அந்தத் தேர்வில் உட்கார்ந்திருந்தது என்பது சொல்லப்படவில்லை.

பணம் எப்படி ஓடியது? ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரத்து ஐகேபி வங்கி 15 கோடி டாலர் போட்டது. அந்தப் பணம் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்சன் பக்கத்திலிருந்து தவணை தவணையாகப் பிரீமியம் வந்துகொண்டிருக்கும். அது ஐகேபிக்கு வட்டிபோலக் கிடைக்கும். பட்டியலில் உள்ள பத்திரங்கள் கெட்டுப்போகப்போக, பெட்டியிலிருந்து பணம் பால்சன் பக்கம் போகும். ஐகேபி தன்னை முதலீட்டாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அது இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தது. ஏசிஏவும் தன் பங்குக்கு 90 கோடி டாலர் அளவுக்குக் காப்பு விற்றது.

ஏப்ரல் இறுதியில் ஒப்பந்தம் முடிந்தது. அக்டோபருக்குள் பட்டியலில் 83 சதவீதப் பத்திரங்களின் தரக்குறியீடு குறைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஜனவரிக்குள் 99 சதவீதம். ஐகேபியின் 15 கோடியில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஏறக்குறைய 100 கோடி டாலர் லாபம். அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2010 ஏப்ரலில் கோல்ட்மன் மீது வழக்குத் தொடுத்தது. ஜூலையில் 55 கோடி டாலர் கட்டிக் கோல்ட்மன் சமாதானம் செய்துகொண்டது. விவரத்தை முழுமையாகச் சொல்லாதது பிழை என்று ஒப்புக்கொண்டது. பால்சன் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவர் தன் கணிப்பின்படி பந்தயம் கட்டினார், அவ்வளவுதான்.

எனக்கு இந்தக் கதையில் மோசடியைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்தத் தொண்ணூறு பத்திரங்களை நிஜமாக வைத்திருந்தவர்கள் உலகத்தில் எங்கெங்கோ இருந்தார்கள். அவர்களுக்கும் நஷ்டம். அதே பத்திரங்கள் கெட்டதால் ஐகேபிக்கும் நஷ்டம், ஏசிஏவுக்கும் நஷ்டம். அபாகஸ் ஒப்பந்தத்தால் ஒருவருக்கும் ஒரு வீட்டுக்கடன்கூடக் கிடைக்கவில்லை, ஒரு செங்கல்கூட எழும்பவில்லை. இருந்தும் ஒரு வீட்டுக்காரர் தவணை தவறியதன் அதிர்ச்சி இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் பதிந்தது. அபாகஸ் ஒன்றல்ல. 2004 ஜூலைக்கும் 2007 மே மாதத்துக்கும் நடுவில் கோல்ட்மன் மட்டும் இப்படி 7,300 கோடி டாலருக்கு சிந்தெடிக் சி.டி.ஓ.க்களை விற்றது என்றும், அவற்றில் சுட்டப்பட்ட 3,400-க்கும் மேற்பட்ட பத்திரங்களில் 610 பத்திரங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுட்டப்பட்டிருந்தன என்றும் அமெரிக்க அரசின் நெருக்கடி விசாரணை ஆணையம் கணக்கெடுத்தது. நிஜப் பத்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு; பத்துக் கோடிக்கு வெளியிட்டால் நஷ்டமும் பத்துக் கோடிதான். சுட்டலுக்கு எல்லையே இல்லை.

ஒரு நியாயமான மறுப்பை இங்கே சொல்லியாக வேண்டும். பந்தயத்தில் ஒருவர் இழந்ததை இன்னொருவர் பெறுகிறார். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஐகேபி இழந்தது பால்சனுக்குப் போயிற்று, பணம் கரைந்துவிடவில்லையே? கணக்குப்படி சரி. ஆனால் ஜெயித்தவருக்குத் தோற்றவர் பணம் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு நேர்ப்படும். கொடுக்க முடியாமல் போனால்?

மூன்று வங்கிகளை எடுத்துக்கொள்வோம். முதல் வங்கி இரண்டாவதிடம் நூறு கோடிக்குக் காப்பு வாங்கியிருக்கிறது. இரண்டாவது வங்கி தனக்கு அபாயம் வேண்டாமென்று மூன்றாவதிடம் அதே நூறு கோடிக்கு வாங்கியிருக்கிறது. மூன்றாவது, முதல் வங்கியிடமே வாங்கியிருக்கிறது. யாருக்கும் லாபமில்லை, நஷ்டமில்லை; மூவரும் தங்கள் கணக்கில் அபாயம் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஒருநாள் சுட்டப்பட்ட கம்பெனியோடு சேர்ந்து மூன்றாவது வங்கியும் திவாலாகிறது. இப்போது இரண்டாவது வங்கி முதல் வங்கிக்கு நூறு கோடி கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு மூன்றாவதிடமிருந்து வர வேண்டிய நூறு கோடி திவால் நீதிமன்றத்தில் சிக்கிக் கிடக்கிறது. என்றைக்கோ பத்தோ இருபதோ வரலாம். காலையில் பூஜ்யமாக இருந்த அபாயம் மாலையில் நூறு கோடி. சங்கிலியில் எத்தனை கண்ணி கூடுகிறதோ அத்தனை இடத்தில் இது நடக்கலாம். பத்திரம் இருந்தால்தான் வாங்கலாம் என்ற விதி இருந்திருந்தால், இந்தச் சங்கிலி பத்திரத்தின் அளவைத் தாண்டி நீண்டிருக்காது.

லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15 அன்று திவாலானபோது உலகம் பயந்தது இதற்குத்தான். லேமனின் பெயரில் 40,000 கோடி டாலருக்கு சி.டி.எஸ். இருக்கிறது என்று ஒரு வதந்தி. யார் யாருக்குக் கொடுக்க வேண்டும்? ஒப்பந்தங்கள் எல்லாம் இரண்டிரண்டு பேருக்குள் தொலைபேசியில் பேசி முடித்தவை. பொதுப் பேரேடு என்று ஒன்று கிடையாது. எந்த வங்கியின் தலையில் இடி விழப்போகிறது என்று தெரியாததால் எல்லா வங்கியும் எல்லா வங்கிக்கும் கடன் கொடுப்பதை நிறுத்தின. அக்டோபர் 10 அன்று ஏலம் நடந்தது. லேமன் பத்திரத்தின் விலை நூற்றுக்கு 8.625 என்று முடிவானது. அப்படியென்றால் நூறு டாலருக்குக் காப்பு விற்றவர் 91 டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டும். கடைசியில் பதிவான ஒப்பந்தங்கள் 7,200 கோடி டாலர்தான் என்று தெரிந்தது; எல்லோருடைய வரவையும் செலவையும் கழித்தபின் கைமாறிய பணம் 520 கோடி.

"பார்த்தீர்களா, வெறும் 520 கோடி, இதற்கா இவ்வளவு கூப்பாடு" என்று சந்தையின் வக்காலத்துக்காரர்கள் இன்றும் சொல்வதுண்டு. அந்தக் கழித்தல் கணக்கு சாத்தியமானதே, சங்கிலியில் நடுக்கண்ணி எதுவும் அறுந்துவிடாததால்தான். அறுந்துவிடாதது தானாக நடந்த அதிசயமும் அல்ல. லேமன் விழுந்த மறுநாளே, செப்டம்பர் 16 அன்று, சங்கிலியின் மிகப்பெரிய கண்ணியை அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து, 79.9 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டு தூக்கி நிறுத்தியது. அதுதான் ஏஐஜி.

ஏஐஜி உலகின் மிகப்பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் ஒன்று. அதன் ஆயுள் காப்பீட்டுப் பிரிவுகள் மாநில அதிகாரிகளின் கண்காணிப்பில் ஒழுங்காக இருப்பு வைத்திருந்தன. ஆனால் லண்டனிலும் கனெக்டிகட்டிலும் இருந்த ஒரு சின்னப் பிரிவு, ஜோசப் கசானோ என்பவர் தலைமையில், சி.டி.எஸ். விற்றுக்கொண்டிருந்தது. 2007 இறுதியில் விற்றிருந்த தொகை ஐம்பதாயிரம் கோடி டாலருக்கும் மேல். அதில் கழுத்தை நெரித்தது வீட்டுக்கடன் சார்ந்த சி.டி.ஓ.க்களுக்கு விற்ற 7,800 கோடி டாலர் காப்பு. மிகவும் பத்திரமான அடுக்குக்குத்தான் காப்பு விற்கிறோம், இது ஒருநாளும் கெடாது என்று நம்பி, நூறு டாலருக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு சென்ட் அளவில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஒரு டாலர்கூட நஷ்டம் வரும் சூழலை எண்ணிப் பார்க்க முடியவில்லை என்று 2007 ஆகஸ்டில் கசானோ பங்குச்சந்தை ஆய்வாளர்களிடம் சொன்னார். அந்தப் பேச்சுக்குச் சில நாள் முன்னர்தான் கோல்ட்மன் 180 கோடி டாலர் ஈடு கேட்டு ஏஐஜிக்குச் சீட்டு அனுப்பியிருந்தது.

இந்த 'ஈடு' என்ற சொல்தான் கதையின் மர்மம். ஏஐஜி விழுந்தது, பத்திரங்கள் தவறி அது நஷ்டஈடு கொடுக்க நேர்ந்ததால் அல்ல. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: காப்புக்கு உட்பட்ட பத்திரத்தின் விலை சந்தையில் குறைந்தால், அல்லது ஏஐஜியின் சொந்தத் தரக்குறியீடு குறைந்தால், அது உடனே ரொக்கமாக ஈடு கட்ட வேண்டும். வீடு எரிந்தால் பணம் கொடுப்பது சாதாரண இன்ஷூரன்ஸ். புகை வந்தாலே பணம் கட்டு, உன் பெயர் கெட்டால் இன்னும் கட்டு என்பது இது. வீட்டுக்கடன் பத்திரங்களின் விலை மாதாமாதம் விழ, ஈடு கேட்டு வந்த சீட்டுகள் குவிந்தன. ஈடு கட்டக் கட்டக் கையிருப்பு குறைந்தது. கையிருப்பு குறைந்ததால் தரக்குறியீடு குறைந்தது. குறியீடு குறைந்ததால் இன்னும் ஈடு. செப்டம்பர் 15 அன்று மூன்று தரமதிப்பீட்டு நிறுவனங்களும் ஒரே நாளில் குறியீட்டைக் குறைத்தன. அதோடு முடிந்தது. கையிலிருந்த பங்கு பத்திரங்களை இரவல் கொடுத்துப் பெற்ற பணத்தையும் ஏஐஜி இதே வீட்டுக்கடன் பத்திரங்களில் போட்டிருந்தது என்பது தனிக்கதை. அதுவும் சேர்ந்துதான் கவிழ்த்தது.

ஏஐஜியிடம் காப்பு வாங்கியவர்கள் எல்லோரும் வெறுங்கையர்கள் அல்லர். பெரும்பகுதி ஒப்பந்தங்களுக்குப் பின்னால் நிஜமான சி.டி.ஓ. பத்திரங்கள் இருந்தன. 2008 நவம்பரில் மெய்டன் லேன் III என்று ஒரு நிறுவனத்தை உருவாக்கி, 6,200 கோடி டாலர் முகமதிப்புள்ள பத்திரங்களை வங்கிகளிடமிருந்து விலைக்கு வாங்கி, அந்த ஒப்பந்தங்களை ரத்துசெய்து நெருப்பை அணைத்தார்கள். மிச்சமிருந்த ஒப்பந்தங்களில் சிலவற்றை அப்படி அணைக்க முடியவில்லை. காரணம், எதிர்ப்பக்கத்தில் இருந்தவரிடம் விற்பதற்குப் பத்திரமே இல்லை. அரசாங்கம் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றும் வாங்குவதற்குச் சரக்கு இல்லாத நிலை. வெறுங்கை சி.டி.எஸ். என்றால் என்னவென்று இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது.

அரசு ஏஐஜிக்கு ஒதுக்கிய உதவி மொத்தம் 18,200 கோடி டாலர் வரை போனது. பின்னால் அது வட்டியும் லாபமுமாகத் திரும்ப வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காப்பு வாங்கிய வங்கிகளுக்கு நூற்றுக்கு நூறு காசும் கிடைத்தது. திவாலாகும் நிலையிலிருந்த கம்பெனியிடமிருந்து முழுத் தொகை! இந்தத் தாராளம் அமெரிக்காவில் இன்றும் ஆறாத கோபம்.

வெறுங்கை வியாபாரத்தில் நல்லதே இல்லையா? உண்டு. ஒரு கம்பெனிக்குச் சரக்கு சப்ளை செய்கிறவரிடம் அதன் பத்திரம் இருக்காது, ஆனால் அது கவிழ்ந்தால் அவர் பாக்கி போய்விடும். அவர் காப்பு வாங்குவது நியாயம். பிரீமியம் ஏறுவதைப் பார்த்து ஒரு கம்பெனியின் நாணயம் கெட்டுவருவதைத் தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்கு முன்பே சந்தை மோப்பம் பிடிப்பதும் உண்மை. இவற்றையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் சப்ளையருக்கு இழப்பதற்கு ஏதோ இருக்கிறது. 1774-இன் கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிடுவார். பால்சனிடம் அந்தப் பதில் இல்லை. அந்தக் கேள்வியை முழுதாகக் கைவிட்டது தவறு என்பதே என் கட்சி. பந்தயம் கட்டியவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல.

பிறகு விதிகள் வந்தன. அமெரிக்கா 2010-இல் இயற்றிய சட்டத்தின்படி பல கம்பெனிகளைச் சேர்த்துச் சுட்டும் குறியீட்டு சி.டி.எஸ். ஒப்பந்தங்கள் பொதுத் தீர்வகம் ஒன்றின் வழியாக நடக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் அது நின்று, இருவரிடமும் முன்பணம் வாங்கிக்கொள்ளும். எல்லா ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். வெறுங்கை வியாபாரம் அங்கே தடைசெய்யப்படவில்லை. கிரேக்க நாட்டின் கடன் நெருக்கடியில் சூடுபட்ட ஐரோப்பிய ஒன்றியம், அரசாங்கப் பத்திரங்களைப் பொறுத்தவரை மட்டும் 2012 நவம்பர் 1 முதல் அதைத் தடைசெய்தது. கம்பெனிப் பத்திரங்களுக்கு அந்தத் தடை கிடையாது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2011 டிசம்பரில் கம்பெனிப் பத்திரங்களுக்கு சி.டி.எஸ். அனுமதித்தபோது, சந்தை நடத்துநர்களைத் தவிர மற்றவர்கள் பத்திரம் கையில் இல்லாமல் காப்பு வாங்கவே கூடாது என்று கண்டிப்பாக எழுதியது. சந்தை பெரிதாக எழும்பவில்லை. 2022 பிப்ரவரியில் புதிய விதிகள் வந்தன. அவற்றின்படி சில்லறைப் பயனாளர் பத்திரம் இல்லாமல் காப்பு வாங்க இன்றும் முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், மியூச்சுவல் ஃபண்டுகள் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதிக்கு உட்பட்டு வாங்கலாம். அவர்களிடம் பத்திரம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.